மோரியில் வைத்த கம்பி

சில வாரங்களுக்கு முன் ஓர் இரவு, பத்தே முக்கால் மணியளவில், என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. படம் மட்டுமே. மேலே ஒரு வணக்கமோ கீழே ஒரு கேள்வியோ இல்லை. அனுப்பியவர் தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைக்கு உட்புறமாக ஒரு சந்தில் குடியிருப்பவர். பழைய மின்னணுப் பொருள்களைப் பிரித்து விற்கும் கடையொன்றில் வேலை. பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். அங்குள்ள ஒரு படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சிறு மின்சுற்றுகள் செய்து காட்டப் போனபோது என் எண்ணை வாங்கி வைத்திருந்தார். அதன்பின் அவரிடமிருந்து வந்த முதல் செய்தி இதுதான்.

படத்தில் இருந்தது ஓர் அறிவியல் கண்காட்சி மாதிரி. தெர்மாகோல் பலகை; அதன் குறுக்கே நீலச் சாயம் பூசிய ஒரு பிளாஸ்டிக் தொட்டி; அதன்மேல் ஒட்டிய காகிதத்தில் ‘மித்தி நதி’ என்று தமிழிலும் மராத்தியிலும் எழுத்து. தொட்டியின் ஓரம் அட்டையில் செய்த இரண்டு வீடுகள். ஒரு வீட்டுக்குள்ளிருந்து இரண்டு செம்புக் கம்பிகள் வெளிவந்து, ஒரு சிறிய டிரான்சிஸ்டரைத் தொட்டு, கருநிற பஸ்ஸர் ஒன்றில் முடிந்தன. பக்கத்தில் நீல உறை போர்த்திய உருளை வடிவ மின்கலம் ஒன்று செலோடேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. வெள்ளம் வந்தால் ஒலியெழுப்பும் கருவி என்பது பார்த்தவுடனே விளங்கிற்று. அவர் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்பதுதான் விளங்கவில்லை.

மாதிரியை இன்னும் மேம்படுத்த யோசனை கேட்கிறாரா? மகள் நடுவர்முன் என்ன பேச வேண்டும் என்று கேட்கிறாரா? அல்லது இதில் ஆபத்து ஏதும் உண்டா என்ற சந்தேகமா? கண்காட்சிப் பருவத்தில் என்னைப் போன்றவர்களுக்கு இத்தகைய மௌனப் படங்கள் அடிக்கடி வருகின்றன. ஆய்வு மாணவர் என்றால் எல்லாம் தெரியும் என்று உறவும் அண்டையும் நம்புகின்றன. நாங்களும் அந்த நம்பிக்கைக்கு இணங்கி, படம் வந்த மறுநிமிடமே யோசனைகளைக் கொட்டத் தொடங்கிவிடுகிறோம். ஆர்டுயினோ வை, சிம் பொருத்து, குறுஞ்செய்தி போகும்படி செய், சூரியத் தகடு சேர். எனக்கும் அன்றிரவு விரல் துடித்தது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மேம்பாட்டு யோசனைதான் எங்களுக்கு எளிது. பிள்ளைக்கு மிகுந்த சேதம் விளைவிப்பதும் அதுவே என்பது என் கருத்து. பாதுகாப்பைப் பற்றிக் கேட்காமலே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். மற்ற இரண்டையும் கேட்காமல் சொல்லக் கூடாது. இந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்பதை அந்த ஒரு படத்தை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் அந்த நீல உருளை. பலகையின் ஓரத்தில் ஒரு ரப்பர் அழிப்பான் கிடந்தது. அதனோடு ஒப்பிட்டால் உருளை பென்சில் செல்லைவிடத் தடிமனாகவும் நீளமாகவும் இருந்தது. பென்சில் செல்லின் விட்டம் சுமார் 14 மில்லிமீட்டர், நீளம் 50 மில்லிமீட்டர். படத்தில் இருந்தது 18650 எனப்படும் லித்தியம் செல். அந்தப் பெயரே அதன் அளவுதான்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். பழைய மடிக்கணினி மின்கலப் பெட்டியை உடைத்தால் உள்ளே ஆறோ எட்டோ இவை வரிசையாக இருக்கும். பிரிக்கும் கடையில் வேலை செய்பவர் மகளுக்குக் காசு செலவில்லாமல் ஒன்றை எடுத்துவந்ததில் வியப்பில்லை. அதில் குறை சொல்லவும் எதுவுமில்லை.

ஆனால் அந்தச் செல் பெட்டியை விட்டு வெளியே வரும்போது தன் காவலனை உள்ளேயே விட்டுவிட்டு வருகிறது. மடிக்கணினிப் பெட்டிக்குள் ஒரு சிறு மின்சுற்றுப் பலகை உண்டு. மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிப்பதும், மின்னேற்றம் வரம்பு கடந்தால் நிறுத்துவதும் அதன் வேலை. தனியே எடுத்த செல்லுக்கு அந்தக் காவல் இல்லை. அதன் இரு முனைகளும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் பல பத்து ஆம்பியர் மின்னோட்டம் பாயும். மெல்லிய கம்பி நொடிகளில் பழுத்துச் சிவக்கும். அடியில் இருப்பதோ தெர்மாகோல்.

இன்னொன்றையும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்டேன். செல்லின் மேல்முனையில் நீல உறை சற்றே கிழிந்திருந்தது. இந்தச் செல்களின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை. நேர்முனை மேலே ஒரு சிறு மூடி மட்டுமே. இரண்டுக்கும் இடையே இருப்பது மெல்லிய ஒரு வளையமும் அதன்மேல் போர்த்திய அந்த உறையும்தான். உறை விளிம்பில் கிழிந்தால், மூடியோடு ஒட்டிய கம்பி சற்றே சாய்ந்து உடலைத் தொட்டாலும் போதும். அங்கே கம்பியைப் பிடித்திருந்தது செலோடேப். மும்பையின் ஈரத்தில் அது எத்தனை நாள் பிடிக்கும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த செய்தி.

ஆகவே நள்ளிரவானாலும் இதை உடனே சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். இங்கே என் ஊகம் தவறினாலும் நட்டம் இல்லை. அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை என்றாலும், அந்தச் செல் செத்துப்போன செல்லாகவே இருந்தாலும், ஒரு நிமிட வேலைதான் வீண். அதற்கு மாற்றும் எளிது: மூன்று பென்சில் செல்கள், அவை அமரும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மூன்றும் சேர்ந்து 4.5 வோல்ட். முழுதாக மின்னேறிய லித்தியம் செல் 4.2 வோல்ட். அதனால் சுற்றில் வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை. குறுக்குச் சுற்று ஏற்பட்டாலும் சாதாரணப் பென்சில் செல் தரக்கூடிய மின்னோட்டம் லித்தியத்தோடு ஒப்பிட மிகச் சிறிது. கையைச் சுடலாம், அவ்வளவே.

இதை எழுதி அனுப்பவில்லை, குரலில் சொல்லி அனுப்பினேன். படத்தை மட்டும் அனுப்புகிறவர் அலட்சியத்தால் அப்படிச் செய்கிறார் என்று எண்ணுவது பிழை. அந்தக் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை இருக்காது. இருந்தாலும் அவருக்குப் பழக்கம் இருக்காது. ஆங்கிலத்தில் எழுதக் கூச்சம். நாள் முழுதும் நின்று வேலை செய்து வந்தவருக்குப் படம் எடுத்து அனுப்புவதே இயன்ற கடிதம். அவருக்கு நான் நான்கு பத்தி தட்டச்சு செய்து அனுப்பினால் அது அவரைப் போய்ச் சேராது. “அண்ணே, படம் பாத்தேன். அந்த நீல பேட்டரிய இப்பவே கழட்டி, ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி, இரும்புச் சாமான் இல்லாத பிளாஸ்டிக் டப்பாவுல தனியா வைங்க. மொபைல் சார்ஜர் ஒயர நேரா அதுல கொடுத்துராதீங்க” என்றேன். மொபைல் சார்ஜர் தருவது 5 வோல்ட். காவல் பலகை இல்லாத செல்லுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டினால் ஆபத்து. இந்தத் தவற்றைப் பிள்ளைகள் செய்து நான் முன்பே கண்டிருக்கிறேன்.

அடுத்து என்ன கேட்பது? மாட்டுங்காவில் பொறியியல் கல்லூரியொன்றில் கற்பிக்கும் நண்பர் ஒருவர் இதில் என்னோடு ஒத்துப்போவதில்லை. “கேட்டவரிடமே திரும்பக் கேள்வி கேட்பது படித்தவர்களின் தந்திரம். உதவி தேடி வந்தவர் மூடிய கதவைப் பார்த்ததுபோல் போய்விடுவார். மூன்றையும் சொல்லிவிடு, வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்” என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்ற கேள்வி தமிழில் கடைக்காரர் கேட்பதுபோல் ஒலிக்கும். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் முதலிலேயே எழுதியிருப்பார். ஆனால் மூன்றையும் சொல்லிவிடு என்பதை நான் ஏற்கவில்லை. மூன்றையும் சொன்னால் வீட்டார் எடுத்துக்கொள்வது எப்போதும் மேம்பாட்டு யோசனையைத்தான். அதுதான் கடையில் வாங்கக் கூடியது.

நான் கண்டுகொண்ட வழி இது. என் கண்ணுக்குத் தெரிந்ததை முதலில் சொல்வேன். பிறகு ஒரே கேள்வி: கண்காட்சி என்றைக்கு? நாளைக்கு என்றால் மேம்பாட்டைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை, பாதுகாப்பும் பேச்சும்தான். மூன்று வாரம் இருந்தால் பிள்ளை தானே எதையாவது மாற்றிப் பார்க்க நேரம் உண்டு. தேதி சொல்வதற்கு யாருக்கும் கூச்சம் இல்லை. அந்தப் பதிலிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

“பாப்பா செஞ்சது நல்லாருக்கு. மித்தி ஆறு தெரியுது, வீடு தெரியுது, பஸ்ஸர் தெரியுது. ஆனா கம்பி ரெண்டும் ஆத்துல இல்லாம வீட்டுக்குள்ள இருக்கே? எக்ஸிபிஷன் எப்போ?” என்று கேட்டு வைத்தேன். கம்பிகளை ஆற்றில் வைக்காதது பிழை என்றே எண்ணியிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெள்ள எச்சரிக்கை ஆற்றில்தானே இருக்க வேண்டும்? விரல் துடித்தபோது நான் எழுதவிருந்த முதல் யோசனையும் அதுவே: கம்பியை எடுத்துத் தொட்டிக்குள் போடு.

மறுநாள் காலை பதில் குரல் வந்தது. தந்தையுடையது அன்று, மகளுடையது. ஏழாம் வகுப்பு. படத்தை அப்பாவின் கைப்பேசியிலிருந்து அனுப்பியது அவள்தான். “அண்ணா, வெள்ளிக்கிழமை எக்ஸிபிஷன். கம்பி வீட்டுக்குள்ளதான் இருக்கணும். அது மோரி. தண்ணி மொதல்ல மோரி வழியாத்தான் வரும்னு ஆச்சி சொல்லும்” என்றாள்.

மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்காக: மோரி என்பது இங்குள்ள ஓரறை வீடுகளில் மூலையில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் கட்டிய சிறு தொட்டித்தரை. மராத்திச் சொல், தாராவித் தமிழிலும் அதுவே வழக்கு. அதன் வடிகுழாய் சந்துக் கால்வாயில் சேர்கிறது, கால்வாய் நாலாவில் சேர்கிறது, நாலா மித்தியிலோ மாஹிம் கழியிலோ சேர்கிறது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்த மழையோடு கடலின் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. ஆறு கடலில் இறங்க முடியாமல் நின்றது. ஆறு நின்றால் நாலா நிற்கும், நாலா நின்றால் சந்துக் கால்வாய் நிற்கும். சாலையை ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே போனதால் பல வீடுகளின் தரை சாலைக்குக் கீழே இருக்கிறது. குழாயால் இணைந்த இரு பாத்திரங்களில் நீர் ஒரே மட்டத்தை நாடும் என்று நாம் பாடத்தில் படித்தது, அந்த வீட்டில் மோரித் துளை வழியாக நீர் மேலெழுவதாக நடக்கிறது. வாசலில் சாக்கு வைத்து அடைத்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் மூலையில் நீர் பொங்கிக்கொண்டிருக்கும். அந்த ஆச்சி அதைக் கண்டிருக்கிறார். அவர் பேத்தி அதைக் கேட்டு, கம்பியை மோரியில் வைத்திருக்கிறாள். தொட்டிக்கும் வீட்டுக்கும் இடையே பலகைக்கு அடியில் ஒரு நெகிழ்வான குழாய் ஓடியதை நான் படத்தில் கவனிக்கவே இல்லை. நிழல் என்று நினைத்திருந்தேன்.

எனவே நான் அன்றிரவு விரலை அடக்காமல் இருந்திருந்தால், அந்த மாதிரியில் அவளுடையதென்று இருந்த ஒரே புதுமையை ஒரு வரியில் அழித்திருப்பேன். அவளும் என் பேச்சைக் கேட்டிருப்பாள். ஆற்றில் கம்பி போட்ட மாதிரிகள் மழைக்கால மும்பையின் ஒவ்வொரு கண்காட்சியிலும் இருக்கும். ஆற்றின் மட்டத்தையும் மழையையும் கடலேற்றத்தையும் சேர்த்துப் பார்த்து முன்னறிவிக்க, மாநகராட்சிக்கு 2020 முதல் ஒரு முறைமையே இருக்கிறது. கடலேற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் நாள்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. அந்த அறிவிப்பெல்லாம் நகரத்துக்கு. இன்றிரவு என் மூலையில் நீர் வருமா என்பது அதில் இல்லை. அவளுடைய கருவியில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள். ஆகவே மேம்பாடு இல்லை, பேச்சுதான் என்பது தெளிவாயிற்று. அவளும் அதைத்தான் கேட்க நினைத்திருக்கிறாள். பள்ளியில் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். அவள் படிப்பது தமிழ்வழி. வரப்போகும் நடுவர் மராத்தியிலோ இந்தியிலோ கேட்கலாம். மூன்று மொழியின் பாரமும் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் நாக்கில்.

எழுதிக் கொடுத்த பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ‘மின்கடத்துத்திறன்’ பற்றிய வரையறை, டிரான்சிஸ்டர் கண்டுபிடித்தவர்களின் பெயர்கள், நீரின் அருமை. மோரி அதில் இல்லை. அதை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, மூன்று செயல்களை மட்டும் செய்து பார்க்கச் சொன்னேன். நடுவர்முன் பேசுவதற்கு நான் அறிந்த ஆயத்தம் இதுதான்: வாயால் சொல்லப் போவதைக் கையால் ஒருமுறை செய்திருக்க வேண்டும்.

முதலாவது, டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு, மின்கலம், நீரில் நனைந்த கம்பிகள், பஸ்ஸர் மூன்றையும் நேராக இணைத்துப் பார்ப்பது. ஒலி வராது. ஏன் என்பதற்குக் கணக்கு எளிது. குழாய்த்தண்ணீரில் சற்றுத் தள்ளி வைத்த இரு கம்பிகளுக்கு இடையே மின்தடை, அவள் வைத்த அளவில், 30 கிலோ ஓம் எனக் கொள்வோம். 4.5 வோல்ட்டுக்கு அதில் பாய்வது 0.15 மில்லி ஆம்பியர். அத்தகைய சிறு பஸ்ஸர் ஒலிக்க அதுபோல் நூறு மடங்கேனும் வேண்டும். இங்கேதான் டிரான்சிஸ்டரின் வேலை. சுற்றில் அடிவாய்க்கு முன்னால் 10 கிலோ ஓம் தடை ஒன்றும் இருந்தது. டிரான்சிஸ்டர் தனக்கென 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 3.8 வோல்ட் 40 கிலோ ஓமில் செலுத்துவது ஏறத்தாழ 0.1 மில்லி ஆம்பியர். டிரான்சிஸ்டர் அதை இருநூறு மடங்காக்கினால் 20 மில்லி ஆம்பியர். பஸ்ஸர் அலறும். இந்தக் கணக்கை அவள் நடுவரிடம் சொல்ல வேண்டியதில்லை. “தண்ணி கொஞ்சமாத்தான் கரண்ட் விடும், அது பஸ்ஸருக்குப் பத்தாது, இது அதைப் பெருசாக்குது; எடுத்துட்டா சத்தம் வராது, பாருங்க” என்று எடுத்துக் காட்டினால் போதும். அதை எந்த மொழியிலும் செய்யலாம்.

இரண்டாவது, சுத்திகரித்த குடிநீரிலும் உப்புநீரிலும் சாக்கடை நீரிலும் கம்பியை வைத்துக் கேட்பது. நீர் மாறினால் ஒலியும் மாறும். சுத்திகரித்த நீரில் ஒலி மெலியும், சில நேரம் வரவே வராது. கரைந்த உப்புகள்தாம் மின்னைக் கடத்துகின்றன என்பதை அவள் அப்படித்தான் அறிந்தாள். மோரியில் எழும் நீர் ஒருநாளும் சுத்தமாக இராது என்பதால் அவள் கருவிக்கு அது குறையன்று, சாதகம். இதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

மூன்றாவதுதான் கடினம். நடுவர் எவராயினும் கேட்கக்கூடிய கேள்வி: “மோரியில் எப்போதும் தண்ணீர் இருக்குமே, குளிக்கும்போதெல்லாம் அலறாதா?” அவளிடம் கேட்டபோது பதில் இல்லை. கம்பிகள் இரண்டும் அரைச் சென்டிமீட்டர் இடைவெளியில் தரையை ஒட்டி இருந்தன. ஒரு சோப்புநீர்ப் படலம் போதும், இரண்டையும் இணைத்துவிடும். விடையை நான் சொல்லவில்லை. வீட்டு மோரியருகில் உட்கார்ந்து, யாராவது குளிக்கும்போது நீர் எங்கே தங்குகிறது, எவ்வளவு உயரம் எழுகிறது என்று பார்க்கச் சொன்னேன். மறுநாள் அவள் கம்பிகளை மேலிருந்து தொங்கவிட்டு, நுனிகள் தரைக்கு மூன்று விரல் மேலே, ஒன்றுக்கொன்று நான்கு விரல் தள்ளி நிற்குமாறு மாற்றியிருந்தாள். தெறித்த துளி ஒரு கம்பியில் வழிந்தாலும் மற்றதைத் தொடாது. குளித்த நீர் அந்த உயரத்துக்கு எழாது. எழுந்தால் வடிகுழாய் வாங்கவில்லை என்று பொருள், அதுவே எச்சரிக்கை. இதுவும் ஒரு மேம்பாடுதான். ஆனால் அதை மோரி சொன்னது, நான் அன்று.

இந்த இடத்தில் என் மாட்டுங்கா நண்பரின் இன்னொரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். போட்டி என்று வந்தபின் அடுத்த மேசையில் திரையும் செயலியும் கொண்ட மாதிரி நிற்கும்போது இவள் பஸ்ஸரை யார் பார்ப்பார்கள் என்கிறார். என்சிஇஆர்டி 1971 முதல் நடத்திவரும் தேசியக் கண்காட்சியின் மதிப்பீட்டு வரையறைகளைப் படித்தால், குழந்தையின் சொந்தக் கற்பனை, அறிவியல் சிந்தனை, குறைந்த செலவு, எடுத்துச் செல்லும் வசதி, விளக்கிக் காட்டும் முறை இவையெல்லாம் இடம்பெறுகின்றன. திரைக்கென்று தனி மதிப்பெண் இல்லை. ஏட்டில் இருப்பதும் கூடத்தில் நடப்பதும் ஒன்றல்ல என்பதையும் அறிவேன். பெற்றோர் செய்த மாதிரிகள் கோப்பை வாங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதற்காக இவளையும் அந்த வரிசையில் நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. லாமிங்டன் சாலையில் ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய பலகையை இவள் தெர்மாகோலில் ஒட்டியிருந்தால், நடுவர் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே அது யாருடையது என்று தெரிந்துவிடும். அந்த நொடியில் தலைகுனிந்து நிற்பது நானோ நண்பரோ அல்ல.

பாதுகாப்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் மின்கலத்தோடு அது முடியவில்லை. அமெரிக்காவில் நடக்கும் பன்னாட்டு அறிவியல் கண்காட்சியில் காட்சி மேசையில் தண்ணீர்கூட வைக்கக் கூடாது என்று விதி. அந்த விதிப்படி இவள் மாதிரி வாயிலைத் தாண்டாது. நம் பள்ளிக் கூடங்களில் அப்படியில்லை. அதனாலேயே சரிபார்ப்பது வீட்டார் கையில் இருக்கிறது. இவளுடையது பென்சில் செல்லில் ஓடுவதால் அவள் தொட்டியில் கைவிட்டாலும் அதிர்ச்சி இல்லை. ஆனால் கண்காட்சிக் கூடத்தில் மேசைக்கு அடியில் நீட்டிப்புப் பலகை ஒன்று கிடக்கும். பக்கத்து மாதிரிக்குச் சுவர் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். இவள் தொட்டி கவிழ்ந்தால் நீர் போவது அங்கே. தொட்டியில் பாதிக்கு மேல் நீர் வேண்டாம், அடியில் ஒரு விளிம்புள்ள தட்டு வை, மேசை கிடைத்ததும் முதலில் குனிந்து அடியில் பார் என்று சொன்னேன். இன்னொரு சோதனை: பத்து நிமிடம் கருவியை இயங்கவிட்டு, செல்லையும் கம்பிகளையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது. எதுவும் வெதுவெதுப்பாகக்கூட இருக்கக் கூடாது. சூடு இருந்தால் எங்கோ தேவையற்ற வழியில் மின்னோட்டம் போகிறது. இந்தச் சோதனையைப் படத்தைப் பார்த்து நான் செய்ய முடியாது. அவள் கைதான் செய்ய வேண்டும். மௌனப் படத்தை மட்டும் பார்த்து “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று எவரும் சான்று தரக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். ஆபத்து தெரிந்தால் சொல்லலாம். ஆபத்து இல்லை என்று படம் ஒருநாளும் சொல்லாது.

வெள்ளிக்கிழமை செம்பூரிலிருந்து நானும் போயிருந்தேன். நடுவர் ஒரு நடுத்தர வயது அம்மையார். மராத்தியில் கேட்டார், ஆற்றில் வைக்காமல் வீட்டில் ஏன் வைத்தாய் என்றே தொடங்கினார். அவளுக்கு மராத்தி தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஆனால் ‘மோரி’ என்ற சொல்லை உச்சரித்தவுடன் அந்த அம்மையாரின் முகம் மாறியதைக் கண்டேன். அது அவர் வீட்டுச் சொல்லும்கூட. அதன்பின் அவள் தொட்டியில் நீரை ஊற்றினாள். தொட்டி நிறையும்முன்பே அட்டை வீட்டின் மூலையில் நீர் எழுந்து பஸ்ஸர் ஒலித்தது. குளிக்கும்போது என்ன செய்வாய் என்ற கேள்வியும் வந்தது. விரல்களால் உயரத்தைக் காட்டினாள். செம்புக் கம்பி எவ்வளவு நாள் உழைக்கும் என்று அவர் கேட்டதற்கு மட்டும் பதில் தெரியவில்லை. “தெரியாது மேடம், பாத்துச் சொல்றேன்” என்றாள். அது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. நேர்மின்சாரத்தில் நனைந்த செம்பு, நேர்முனைப் பக்கம் கரைந்து பச்சை பூக்கும். அடிக்கடி நனைந்தால் சில நாள்களிலேயே தெரியும்.

பரிசு வேறொரு மாதிரிக்குப் போயிற்று. அதைப் பற்றி எனக்குப் புகாரில்லை. அது நன்றாகவே இருந்தது.

பத்து நாள் கழித்து, ஓர் இரவு, அதே எண்ணிலிருந்து மீண்டும் ஒரு படம் வந்தது. படம் மட்டுமே. இம்முறை தெர்மாகோல் இல்லை. ஓர் உண்மையான மோரியின் சுவர்; அதில் மூன்று விரல் உயரத்தில், நான்கு விரல் இடைவெளியில், செம்புக்குப் பதிலாக இரண்டு துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள். என் கண் முதலில் மின்கலத்தைத் தேடிற்று. எட்டாத உயரத்தில், ஆணியில் மாட்டிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூன்று பென்சில் செல்கள். பிறகு குரலில் கேட்டேன்: “பாப்பா, திருகாணி தெரியுது, பெட்டி தெரியுது. எத்தன நாளா மாட்டி வச்சிருக்க?”